ஜீரோ வட்டிக்கு வட்டி கட்டுவது யார்?

தீபாவளி நெருங்கும்போது வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் விலைச்சீட்டைவிடப் பெரிய எழுத்தில் ‘ஜீரோ வட்டி’ என்று எழுதி வைப்பார்கள். கடன் கொடுக்கும் நிறுவனமும் வேறோரிடத்தில் வட்டிக்குப் பணம் வாங்கித்தான் நமக்குக் கொடுக்கிறது. ஆகவே அந்த வட்டியை யாரோ ஒருவர் கட்டித்தான் தீர வேண்டும். பொருளைத் தயாரித்தவர் கட்டலாம், கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கட்டலாம், இல்லையென்றால் வாங்குகிறவரே தனக்குத் தெரியாமல் கட்டலாம். மூன்றாவதுதான் நடக்கிறதா என்று பார்க்கக் கடன் பத்திரத்தைப் புரட்டிப் பயனில்லை. அதே பொருளுக்கு அன்றே முழுப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டால் போதும். அந்த விலைக்கும் தவணை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. அதற்குத் தள்ளுபடி என்று பெயர் வைத்துவிட்டதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃப்ரிட்ஜின் விலைச்சீட்டில் 36,000 ரூபாய் என்றும், பேரம் பேசி உடனே பணம் கொடுத்தால் 34,000 என்றும் வைத்துக்கொள்வோம். ஜீரோ வட்டியில் மாதம் 3,000 வீதம் 12 தவணை. பிராசசிங் கட்டணம் 499 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589. தவணையில் வாங்குகிறவர் மொத்தம் 36,589 கொடுக்கிறார். ரொக்க விலையைவிட 2,589 அதிகம். ஒரு வருடத்துக்கு இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கடன் வருடம் முழுக்க அதே அளவில் நிற்பதில்லை, மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு தவணைப் பணமும் சராசரியாக ஆறரை மாதம்தான் நம் கையில் இருக்கிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம் ஆகிறது.

இதே திட்டம் ‘12க்கு 3’ என்று வரும்போதுதான் கவனம் வேண்டும். பன்னிரண்டில் மூன்று தவணைகளை அன்றே கட்டிவிட வேண்டும், மீதி ஒன்பது மாதம். கூடுதல் செலவு அதே 2,589தான், ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் முன்தவணை 9,000, கட்டணம் 589 என்று அன்றைக்கே 9,589 கைவிட்டுப் போகிறது. ரொக்க விலை 34,000 என்றால் உண்மையில் நமக்குக் கிடைத்த கடன் 24,411 மட்டுமே. அதுவும் சராசரியாக ஐந்து மாதத்துக்குத்தான். இப்போது வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 25 சதவீதம். கொடுத்த கூடுதல் பணம் மாறவில்லை. அதற்குக் கிடைத்த கடனும் காலமும் சுருங்கிவிட்டன. மூன்று தவணை முன்கூட்டியே முடிந்துவிட்டது என்று வாங்குகிறவருக்கு ஒரு நிம்மதிகூட வரும். பாரம் குறைந்ததுபோலத் தோன்றுவதால்தான் இந்த ஏற்பாடு இவ்வளவு எளிதாக விற்கிறது.

இது ரிசர்வ் வங்கிக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஜீரோ சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் அது வங்கிகளுக்கு எழுதியது. பொருளின் விலையில் தள்ளுபடி இருந்தால், அதைக் கழித்த விலைக்கே கடன் தர வேண்டும், வட்டி விகிதத்தைக் குறைத்துக் காட்டி அதைச் சரிக்கட்டக் கூடாது என்பதும் அந்தச் சுற்றறிக்கையில் இருந்தது. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்குக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைத் தருவதும் கட்டாயமாகிவிட்டது. பிறகென்ன பயம், தாளில் எல்லாம் வந்துவிடுமே என்று கேட்கலாம். வராது. கடன் கொடுப்பவருக்குத் தெரிந்த விலை 36,000தான். நமது ‘12க்கு 3’ உதாரணத்தில் கட்டணத்தை மட்டும் செலவாக எடுத்தால் ஆண்டு விகிதம் ஐந்து சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. நாம் கேட்காமல் விட்ட 2,000 ரூபாய்த் தள்ளுபடி எந்தத் தாளிலும் இருக்காது. தாள் பொய் சொல்லவில்லை. அந்தத் தொகை அதன் பார்வைக்கே வருவதில்லை.

கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “ரொக்கமானாலும் தவணையானாலும் அதே விலைதான் சார்.” இது எப்போதும் சாக்கு அல்ல. சில மாடல்களுக்கு வட்டியைத் தயாரிப்பு நிறுவனமே ஏற்கிறது. அந்தப் பணம் கடன் நிறுவனத்துக்குப் போகுமே தவிர, ரொக்கமாக வாங்குகிறவருக்குக் கொடுக்கச் சொல்லிக் கடைக்கு வருவதில்லை. தவணை வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தால் கடைக்குக் கமிஷன் கிடைப்பதும் உண்டு. ஆகவே அந்தப் பதில் உண்மையா என்று சோதிக்க வேண்டும். தவணைப் பேச்சையே எடுக்காமல் முதலில் கடைசி விலையைக் கேட்பது, அதே மாடல் எண்ணுக்கு இன்னொரு கடையிலும் இணையத்திலும் விலை பார்ப்பது, அதன்பிறகே தவணையைப் பற்றி விசாரிப்பது என்ற வரிசை முக்கியம். ஃபைனான்ஸ் மேசைக்கு முதலில் போய் உட்கார்ந்தவருக்கு ரொக்க விலை என்ன என்று யாரும் சொல்லப் போவதில்லை. இன்னொன்று: பில் போடாமல் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றால் அதை ரொக்கத் தள்ளுபடியாக எண்ண வேண்டாம். கம்ப்ரெஸர் பழுதானால் வாரண்டிக்கு அந்தப் பில்தான் கேட்கப்படும்.

கையில் மொத்தப் பணம் இல்லாதவர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. பழைய ஃப்ரிட்ஜ் நின்றுபோன வீட்டில் 34,000 சேரும்வரை காத்திருக்கச் சொல்வது வறட்டு உபதேசம். ஆனால் அவர் ஒப்பிட வேண்டியது ஜீரோ வட்டியையும் ரொக்கத்தையும் அல்ல. இந்த 25 சதவீதக் கடனையும் வேறு கடனையும். அதே 24,411 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத நகைக்கடனாக வாங்கி, ஒன்பது மாதத்தில் மாதாமாதம் அடைத்தால் வட்டி சுமார் 1,220 ஆகும். மதிப்பீட்டுக் கட்டணம், வங்கிக்கு அலைவது எல்லாம் சேர்ந்தாலும் 2,589ஐத் தொடுவது அரிது. அடகு வைக்க நகை இல்லையென்றால் முன்தவணை இல்லாத திட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தவணை நாளில் கணக்கில் பணம் இருப்பதும் முக்கியம். ஒரு தவணை திரும்பினால் கடன் நிறுவனம் ஒரு கட்டணம், நம் வங்கி ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் போகும்.

விசாரித்ததில் ரொக்கத்துக்கும் நிஜமாகவே அதே 36,000தான் என்று தெரிந்தால் தவணையையே எடுக்கலாம் என்பது என் கட்சி. பணம் வைத்திருப்பவர்கள் இங்கே கடன் வாங்கக் கூச்சப்படுகிறார்கள், தேவையில்லை. ஆனால் லாபம் எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்தவணை இல்லாத பன்னிரண்டு மாதத் திட்டத்தில் அந்தப் பணத்தை 3 சதவீதச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்து மாதாமாதம் கட்டினால் கிடைக்கும் வட்டி 585 ரூபாய். பிராசசிங் கட்டணம் 589.