கல்யாண வீடியோவில் கண் களைப்பது ஏன்?

கல்யாணம் ஒரு நாள். கல்யாண வீடியோவோ ஆயுள் முழுவதும் வீட்டில் இருப்பது. ஆனால் அதை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஆசையாகப் பார்க்கிறார்கள். பிறகு ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார். இன்னொருவர் போனை எடுக்கிறார். "கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடு" என்று ஒரு குரல் கேட்கிறது.

பார்க்கிறவர்கள் மீது குற்றம் இல்லை. படம் அவர்களைக் களைக்க வைக்கிறது.

ஒரு காட்சி இதய வடிவத்துக்குள் சுருங்கி மறைகிறது. அடுத்த காட்சி, புத்தகத்தின் பக்கம் போலப் புரண்டு வருகிறது. அதற்கு அடுத்தது கண்ணாடி போல நொறுங்குகிறது. நடுவே ரோஜாப் பூக்கள் மழையாகக் கொட்டுகின்றன.

இந்த வேடிக்கைகளை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

கண் செய்யும் வெட்டு

காமிரா ஒரு தடவை ஓடி நிற்பதற்குள் எடுத்த படத்தை ஒரு 'ஷாட்' என்கிறோம். ஒரு ஷாட்டை முடித்து, அடுத்த ஷாட்டை அப்படியே சேர்த்து ஒட்டினால் அது 'கட்'. அதாவது வெட்டு. பிலிம் காலத்தில் உண்மையாகவே வெட்டி ஒட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள்.

திடீரென்று படம் மாறினால் கண்ணுக்கு உறுத்தாதா? உறுத்தாது. நம் கண்ணே நாள் முழுவதும் அப்படித்தான் பார்க்கிறது. வாசலில் நிற்பவரைப் பார்க்கிறோம். சட்டென்று திரும்பி அடுப்பைப் பார்க்கிறோம். இடையில் உள்ள சுவரை நாம் கவனிப்பதே இல்லை.

வால்டர் மர்ச் என்பவர் அமெரிக்காவின் பெயர் பெற்ற படத்தொகுப்பாளர். 1974-ல் வெளிவந்த 'தி கான்வர்சேஷன்' என்ற படத்தை அவர் தொகுத்தார். அப்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஷாட்டை எங்கே வெட்டலாம் என்று அவர் தீர்மானித்த இடத்துக்கு அருகிலேயே, பல தடவை, கதாநாயகர் ஜீன் ஹாக்மன் கண் சிமிட்டியிருந்தார்!

மனிதன் ஒரு நினைப்பு முடிந்ததும் கண் சிமிட்டுகிறான். வெட்டும் அப்படி, ஒரு நினைப்பு முடியும் இடத்தில் விழ வேண்டும் என்று மர்ச் பிறகு எழுதினார். சரியான இடத்தில் விழுந்த வெட்டை யாரும் கவனிப்பதில்லை.

15 நிமிடம் எங்கே போனது?

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

ஒரு மணி நேர வீடியோ. அதாவது 3,600 விநாடி. நாலு விநாடிக்கு ஒரு தடவை ஷாட் மாறுகிறது என்று வையுங்கள். மொத்தம் 900 ஷாட். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு விநாடி நீளத்துக்குப் பூவோ, இதயமோ, சுழலோ வருகிறது. கூட்டினால் 900 விநாடி. அதாவது 15 நிமிடம்!

அந்தப் பதினைந்து நிமிடமும் திரையில் எதுவும் தெளிவாகத் தெரியாது. போகும் படம் பாதி, வரும் படம் பாதி. அந்தப் பாதியில் ஒரு தாத்தாவின் சிரிப்பு இருக்கலாம்.

இன்னொன்று. திரையில் எது அதிகமாக அசைகிறதோ, அங்கேதான் கண் ஓடும். மணப்பெண் தலை குனிந்து அசையாமல் இருக்கிறாள். இதயப் படமோ சுழன்று வருகிறது. கண் எதைப் பார்க்கும்? இதயத்தைத்தான். பெண்ணின் முகத்தைத் தேடிக் கண் திரும்புவதற்குள் அடுத்த சுழல் வந்துவிடுகிறது. இப்படி 900 தடவை ஓடினால் கண் களைக்காமல் என்ன செய்யும்?

மனமும் களைக்கிறது. ஒரு படம் மெல்லக் கரைந்து இன்னொரு படமாக மாறுவதை 'டிஸ்ஸால்வ்' என்பார்கள். 'நேரம் கடந்துவிட்டது' என்பதைச் சொல்ல சினிமாவில் அதை வெகு காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நாலு விநாடிக்கு ஒரு தடவை அது வந்தால், 'என்ன மாறியது? எங்கே வந்துவிட்டோம்?' என்று மனம் தேடுகிறது. ஒன்றும் மாறவில்லை. அதே மேடை. அதே மாப்பிள்ளை. நாலைந்து தடவை ஏமாந்த மனம் பிறகு கவனிப்பதையே விட்டுவிடுகிறது.

தீக்குச்சி அணைந்தது, சூரியன் எழுந்தது

பிலிம் காலத்தில் டிஸ்ஸால்வ் வேண்டுமானால் லேபரட்டரிக்கு அனுப்பித் தனியாகச் செய்து வாங்க வேண்டும். காசும் செலவு, நாளும் செலவு. அதனால் 'இது தேவையா?' என்று யோசித்தார்கள்.

1962-ல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் ஒரு காட்சி. கதாநாயகன் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். அடுத்து, பாலைவனத்தில் சூரிய உதயம். இரண்டுக்கும் நடுவே டிஸ்ஸால்வ் வர வேண்டும் என்று திரைக்கதையில் இருந்தது.

தொகுத்தவர் ஆன் கோட்ஸ் என்ற பெண்மணி. டிஸ்ஸால்வ் இன்னும் செய்து வரவில்லை. அதனால் இரண்டு துண்டுகளையும் சும்மா ஒட்டி, டைரக்டர் டேவிட் லீனுடன் போட்டுப் பார்த்தார். அதுவே பிரமாதமாக இருந்தது! டிஸ்ஸால்வ் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இன்றும் உலகம் பேசும் வெட்டுகளில் அது ஒன்று. அந்தப் படத்தின் தொகுப்புக்காக ஆன் கோட்ஸுக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் நூறு விதமான வேடிக்கை வருகிறது. செய்பவருக்குச் செலவு இல்லை. பார்ப்பவரின் கண்ணுக்குத்தான் செலவு.

தாலி கட்டும் 33 விநாடி

அப்படியானால் எப்படித் தொகுப்பது? தாலி கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், தட்டில் உள்ள தாலியைப் பெரியவர்கள் தொட்டு ஆசி கூறுகிறார்கள். இதற்கு 8 விநாடி. அவசரம் வேண்டாம். பல முகங்கள் இருப்பதால் பார்க்க நேரம் தேவை.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். 3 விநாடி. 'கெட்டிமேளம்' என்று குரல் எழுகிறது. தவில் வேகம் பிடிக்கிறது.

பெண்ணின் குனிந்த முகம். 4 விநாடி.

முடிச்சுப் போடும் கைகள். 10 விநாடி. இங்கே வெட்டவே கூடாது. மூன்று முடிச்சும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும். சில வீடுகளில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவார். அந்தக் கையும் தெரிய வேண்டும்.

அட்சதை பறக்கிறது. 3 விநாடி. கடைசியில் பெண்ணின் தாயார் கண்ணைத் துடைக்கிறார். 5 விநாடி.

மொத்தம் 33 விநாடி. ஆறு ஷாட், ஐந்து வெட்டு. வேடிக்கை ஒன்றுகூட இல்லை.

நீளத்தைக் கவனியுங்கள். 8, 3, 4, 10, 3, 5. முதலில் நிதானம். மேளம் வேகம் பிடிக்கும்போது படமும் வேகம் பிடிக்கிறது. முக்கியமான இடத்தில் மூச்சைப் பிடித்து நிற்கிறது. பிறகு ஒரு துள்ளல். கடைசியில் தாயின் முகத்தில் ஓர் ஓய்வு. இதுதான் தாளம். எல்லா ஷாட்டையும் நாலு நாலு விநாடியாக வெட்டினால் கடிகாரம் அடிப்பதுபோல் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரு விநாடியாக வெட்டினால் கெட்டிமேளம் விடாமல் அடிப்பதுபோல் இருக்கும்.

இந்த 33 விநாடியிலும் தவில், நாதஸ்வர ஓசை அறுபடாமல் ஓட வேண்டும். ஓசை தொடர்ந்தால், படம் மாறுவது தெரியாது. அதை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டால் இந்தத் தாளம் கெட்டுவிடும்.

ஒட்டு தெரிந்தால்?

"வேடிக்கை போடாவிட்டால் ஒட்டு அசிங்கமாகத் தெரிகிறதே!" என்று தொகுப்பவர்கள் சொல்வார்கள். அது சில இடங்களில் உண்மைதான்.

ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் எடுத்த இரண்டு ஷாட்டை ஒட்டினால் படம் குதிக்கும். மாப்பிள்ளையின் தலை ஓர் அங்குலம் துள்ளும். அதை மறைக்கத்தான் பலர் பூவைக் கொட்டுகிறார்கள். பூ, குதிப்பை மறைக்காது. அங்கே ஒரு கோளாறு இருப்பதைக் காட்டிக் கொடுக்கும்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. நடுவே வேறொரு படத்தை வையுங்கள். நாதஸ்வரம் வாசிப்பவர், முன் வரிசையில் பாட்டி, தூங்கும் குழந்தை, எதுவும் ஆகும். அதற்காகத்தான் நல்ல காமிராக்காரர் மேடையை மட்டும் எடுக்காமல் கூட்டத்தையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இன்னொரு வழி, அசைவின் நடுவில் வெட்டுவது. மாப்பிள்ளை மாலையைத் தூக்கத் தொடங்குகிறார். கை பாதி எழும்போது வெட்டி, அதே அசைவின் மீதியைப் பக்கத்துக் காமிராவிலிருந்து காட்டுங்கள். கண் கையைத் தொடர்ந்து போகும். ஒட்டைப் பார்க்காது.

வேண்டிய இடமும் உண்டு

வேடிக்கையே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. இரவு வரவேற்பு முடிந்து, விடியற்காலை முகூர்த்தத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு டிஸ்ஸால்வ் பொருத்தம். பெண் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு படம் மெல்ல இருண்டு முடியலாம். இவை ஏதோ ஒன்றைச் சொல்கின்றன.

"வீட்டுக்காரர்கள்தான் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் வேலையே செய்யவில்லை என்று நினைக்கிறார்கள்" என்பார்கள் தொகுப்பவர்கள். அதில் நியாயம் உண்டு. ஆகவே இதில் வீட்டுக்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது.

வீடியோவை வாங்கும் முன்பு, ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடி, என்ன நினைவில் நிற்கிறது என்று பாருங்கள். முகங்கள் நின்றால் நல்ல வேலை. இதயமும் பூவும் நின்றால், "இவற்றை எடுத்துவிட்டு ஒரு தடவை காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

தொகுப்பு தொடங்கும் முன்பே இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் யார் யார் என்று அவருக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் வரும் ஷாட் ஐந்து விநாடியாவது வெட்டாமல் நிற்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள், பார்த்திராத தாத்தாவைத் தேடி அந்த வீடியோவைப் போடுவார்கள். அன்று அவர் நடந்ததும் சிரித்ததும் அந்த ஐந்து விநாடியில் மட்டும்தான் இருக்கும்.