அட்வான்ஸ் பணத்துக்கு வட்டி யாருக்குச் சேர வேண்டும்?



வீட்டு வாடகை அட்வான்ஸ் பற்றிச் சொல்லப்போகிறேன். நம் சொந்தத்தில் பாதிப்பேர் வீட்டுக்காரர்கள், என் மாணவர்களில் பாதிப்பேர் குடித்தனக்காரர்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் என் பழைய மாணவன் ஒருவன் 8,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸாக 80,000 கொடுத்தான். மனைவியின் நகையை மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. மாதம் 800 ரூபாய் வட்டி கட்டினான். ஐந்து வருஷம் இருந்துவிட்டு வீட்டைக் காலி செய்தபோது, "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

இந்த ஒரு வாக்கியம் போதும். பணம் அவரிடம் இல்லை, செலவாகிவிட்டது. பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்ததை வட்டியில்லாக் கடனாக எடுத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம்?

கணக்குப் போடுவோம். 80,000 ரூபாயை 6 சதவீதத்தில் போட்டிருந்தால் வருஷத்துக்கு 4,800, ஐந்து வருஷத்தில் தனிவட்டியே 24,000. மூன்று மாத வாடகை! அவன் உண்மையில் கொடுத்த வாடகை 8,000 அல்ல, 8,400.

"அட்வான்ஸ் கூட இருப்பதால்தான் வாடகையைக் குறைத்தேன்" என்பார்கள். போக்கியத்துக்கு வீடு விடும்போது அது நியாயம். அங்கே வட்டிதான் வாடகை, இருவருக்கும் தெரிந்தே நடக்கிறது. ஆனால் முழு வாடகையும் வாங்கி, பத்து மாத அட்வான்ஸும் வாங்கி, அதன் வட்டியும் எனக்கே என்றால் அது இரட்டை வசூல்.

நம் மின்வாரியத்தைப் பாருங்கள். நாம் கட்டிய டெபாசிட்டுக்கு வட்டி கணக்குப் போட்டு பில்லில் கழிக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஜெர்மனியில் வாடகை டெபாசிட் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட வேண்டும், வட்டி குடித்தனக்காரருக்கு. தனிக் கணக்கில் இருந்தால் "அடுத்த ஆள் வரட்டும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்கிறது. குடியிருக்கும் காலத்து வட்டி பற்றி வாய் திறக்கவில்லை. அதனால் எல்லாம் அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் வந்து நிற்கிறது. டைப் அடிக்கும் கடைகளில் "அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது" என்ற வரி தானாகவே வந்து விழும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

அந்த வரி எவ்வளவு தூரம் பாயும் தெரியுமா? திருப்பித் தராமல் இழுத்தடித்தால் நீதிமன்றம் வட்டி போடலாம் என்கிறது 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம். பத்திரத்தில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவிலிருந்து. இல்லாவிட்டால், வட்டி கேட்பேன் என்று எழுத்தில் கொடுத்த நோட்டீஸில் குறித்த தேதியிலிருந்து. ஆனால் வட்டி கிடையாது என்று ஒப்பந்தமே சொன்னால் இந்தச் சட்டம் கைகொடுக்காது.

ஆகவே பிள்ளைகளே, கையெழுத்துக்கு முன் அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் வட்டிக்கு அறவே ஒப்பவில்லையா? "குடியிருக்கும் காலத்துக்கு மட்டும் வட்டி இல்லை, காலி செய்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் அன்றிலிருந்து இத்தனை சதவீதம்" என்றாவது எழுதி வாங்குங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் தேதி போட்டு எழுத்து வாங்குங்கள்.

வீடு வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, நானும் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்று மாத அட்வான்ஸ்தான். அது தனியாக வங்கியில் கிடக்கிறது, வட்டி குடித்தனக்காரருக்கு என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. இதனால் நான் ஒன்றும் ஏழையாகிவிடவில்லை. அடுத்தவர் நகை அடகுக்கடையில் கிடக்க, அந்தப் பணத்தில் நாம் வட்டி சாப்பிடுவது நமக்கு அழகா? மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். கணக்கோடு எழுதுங்கள்.