திகதி இல்லாத விலையை நம்பி வெங்காயம் ஏற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நெல்லியடிச் சந்தைக்குத் தோட்டத்துச் சாமான் கொண்டுபோகிற குடும்பங்கள் பொறுமையாக வாசியுங்கள். எங்களுக்குச் சந்தையில் கடையும் இல்லை, தரகும் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். கணக்குப் பிழைத்தால் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அயலில் ஒருவர் இரண்டு மூடை சின்ன வெங்காயத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மொத்தம் 100 கிலோ. வட்ஸ்அப்பில் வந்த விலைப்பலகைப் படத்தில் கிலோ 420 ரூபா என்றிருந்ததாம். சந்தையில் கொடுத்தது 290. அவர் வியாபாரியோடு சண்டை பிடித்துவிட்டு வந்தார். பிறகு நாங்கள் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் திகதியே இல்லை. தேடிப் பார்த்தால் அது ஒன்பது நாளுக்கு முந்திய படம். பலகையின் மேல் தலைப்பில் திகதி எழுதித்தான் இருந்திருக்கிறது. அனுப்பியவர் வெங்காய வரியை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்.

13,000 ரூபா வித்தியாசம். அந்த வெங்காயம் பிடி கட்டித் தூக்கி வைத்திருந்தது, இன்னும் சில வாரம் தாங்கியிருக்கும். அன்றைய விலை தெரிந்திருந்தால் அவர் ஏற்றியே இருக்கமாட்டார். இதில் வியாபாரியைத் திட்டிப் பிரயோசனமில்லை. பிழை பலகையில்.

ஆகவே கூட்டுறவுக்காரரிடம் எங்கள் முதற் கோரிக்கை: திகதியைத் தலைப்பில் மட்டும் எழுதாதீர்கள், ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். எந்த வரியை யார் வெட்டி எடுத்தாலும் திகதியும் சேர்ந்தே போகவேண்டும். அதையும் 5/6 என்று எழுதவேண்டாம். எங்களுக்கு அது யூன் ஐந்து, அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு மே ஆறு. "5 யூன்" என்று மாதத்தை எழுத்தில் எழுதி, ஆண்டையும் போட்டால் குழப்பமில்லை.

இன்றைய விலையை எழுதுவதற்காக நேற்றைய வரியை அழிக்கவும் கூடாது. புதிய வரியை மேலே சேருங்கள், பழையது கீழே இருக்கட்டும். விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரு வரியில் தெரியாது. ஒரு வாரம் கீழ்க்கீழாக நின்றால் படிக்காத தாத்தாவுக்கும் விளங்கும். பிழையாக எழுதிவிட்டால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அழித்து எழுதினால் நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள். சாமான் வராத நாளில் 0 போடவேண்டாம், சிறு கோடு போடுங்கள். 0 என்றால் சும்மா கொடுத்தார்கள் என்று அர்த்தம். மாதச் சராசரி எடுக்கும்போது அந்தப் பூச்சியம் விலையை இழுத்துக் கீழே விழுத்தும்.

இரண்டாவது, இலக்கங்கள் நிற்கிற விதம். தரம் மூன்றுப் பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து, நூறின் கீழ் நூறு. இலக்கங்களை வலப்பக்கம் ஒட்ட எழுது என்கிறோம். அதே பிள்ளையின் தகப்பன் வாசிக்கிற பலகையில் 95ஐயும் 1150ஐயும் அழகுக்காக நடுவில் எழுதுகிறார்கள். இப்படி நின்றால் எவ்வளவு லேசு என்று பாருங்கள் (விலைகள் உதாரணத்துக்கு மட்டும், திகதி, குறைந்த விலை, கூடிய விலை):

```
2025-06-05     290     340
2025-06-04     310     360
2025-06-03      95    1150
```

கடைசி வரியில் ஏதோ பிழை என்று கண் உடனே சொல்கிறது அல்லவா? நடுவில் எழுதியிருந்தால் பிடிபட்டிராது. கணினியில் செய்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். சில எழுத்துருக்களில் 1 ஒடுக்கம், 8 அகலம். வலப்பக்கம் ஒட்டினாலும் நூறும் பத்தும் நேராக நிற்காது. எல்லா இலக்கமும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைத் தெரிவு செய்யவேண்டும். 111ஐயும் 888ஐயும் மேலும் கீழுமாகத் தட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளமாக வந்தால் சரி.

எக்செலில் இலக்கம் தானாக வலப்பக்கம் போகும். இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் அதை எக்செல் இலக்கமாக எடுக்கவில்லை, எழுத்தாக எடுத்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் யாரோ "ரூ. 290" என்று தட்டியிருப்பார்கள். அதைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ முடியாது. ரூபா, கிலோ எல்லாம் தலைப்பில் ஒருமுறை வந்தால் போதும்.

அலகைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பெரியவர்கள் வெங்காயத்தை இன்னும் அந்தரில் பேசுகிறார்கள். அந்தர் என்றால் 112 றாத்தல், ஏறக்குறைய 50.8 கிலோ. 50 கிலோ என்று எண்ணுகிறவரும் உண்டு. ஒரு வரி அந்தருக்கும் மற்ற வரி கிலோவுக்கும் எழுதிய பலகையால் ஒருவருக்கும் பயனில்லை. முழுப் பலகையும் கிலோவிலேயே இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பலருக்குக் கசக்கும்: கழிவு. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டு 90க்குக் காசு தருகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலகை 300 என்கிறது. கமக்காரர் கையில் வருவது 90 × 300 = 27,000. அவர் கொண்டுபோனது 100 கிலோ. அப்படியென்றால் அவருடைய விலை 270. பலகையில் 300 மட்டும் நின்றால் அது கமக்காரரின் விலை அல்ல. கழிவு எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று இன்னொரு நிரல் போடுங்கள். கழிவே எடுக்காத கூட்டுறவு என்றால் அதையும் எழுதுங்கள், சனம் தேடி வரும்.

"விலை மணிக்கு மணி மாறும், பலகை எதற்கு?" என்று கேட்கிறார்கள். மாறுவது உண்மை. அதனால்தான் ஒரே விலையை எழுதாமல் குறைந்ததையும் கூடியதையும் எழுதச் சொல்கிறோம். காலை எத்தனை மணிக்கு எடுத்த விலை என்றும் குறியுங்கள். "உதெல்லாம் எங்கட ஊரில் சரிவராது" என்கிறவர்களுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்துத்தான் விற்கிறார்கள். எங்கள் நாட்டிலும் மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கையில் தம்புள்ளை விலையைத் திகதியோடு போடுகிறது. தம்புள்ளை விலையை வீட்டிலிருந்து பார்க்கமுடிகிற நாங்கள் நெல்லியடி விலைக்கு வெட்டி ஒட்டிய படத்தை நம்பியிருக்கிறோம்.

பலகை விலையைக் கூட்டித் தராது. சந்தையில் சாமான் குவிந்தால் விலை விழத்தான் செய்யும். ஆனால் விழுந்ததை ஓட்டோவில் ஏற்ற முந்தித் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கொப்பியும் அடிமட்டமும் போதும், நாளைக்கே தொடங்கலாம். நிரல் கீற ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். எங்கள் தரம் ஐந்துப் பிள்ளைகள் வந்து கீறித் தருவார்கள், நாங்கள் கூட வருகிறோம். அதுவரைக்கும் திகதி இல்லாத விலைப்படம் வந்தால் மற்றவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் "எந்த நாள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.