நான் பாதி மட்டும் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்



கனடாவில் எட்மன்டனில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். வீட்டுக்குப் பின்னால் போட்ட மரத்தளத்தின் கான்கிரீட் தூண் ஒன்று மூன்று குளிர்காலத்தில் ஒரு சாண் உயரம் மேலே வந்துவிட்டதாம். "சார், தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும்னு நீங்க சொன்னதுதானே?" என்று கேட்டிருந்தான். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் ஆழ மண்ணில் 40 சதவீதம் தண்ணீர் என்றாலும் எழுவது 3.6 சென்டிமீட்டர்தான். குளிர்நாடுகளில் நிலம் ஒரே குளிர்காலத்தில் அதைவிடப் பல மடங்கு எழுவதுண்டு.

அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1929-30இல் இதற்கு விடை சொல்லிவிட்டார். உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். அப்போதும் மண் எழுந்தது! விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, உறையும் இடம் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரம் அடுக்கடுக்கான பனிக்கட்டித் தகடுகளாக வளர்ந்து மண்ணைத் தூக்குகிறது. நுண்ணிய வண்டல் மண்ணில் இது அதிகம், சரளையில் இல்லவே இல்லை எனலாம். பாடநூல்கள் 9 சதவீதத்தோடு நிறுத்துவது தவறு என்பேன். நானும் அப்படித்தான் நிறுத்தினேன்.

அவனுடைய கொத்தனார் "இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கணும்" என்கிறாராம். அது பாதி உண்மை. உறைந்த மண் தூணின் சொரசொரப்பான பக்கங்களைக் கவ்விப் பிடித்துத் தூக்கும். தூண் எழுந்ததும் அடியில் விழும் இடைவெளியில் மண் சரிந்துவிடும், அதனால் கோடையில் அது பழைய இடத்துக்கு இறங்காது. எனவே ஆழத்துக்கு மட்டும் பணம் கொட்டாமல், தூணைச் சுற்றி வழவழப்பான உறை, அடியை அகலமாக்குதல், சரளை, தண்ணீர் வடியும் வழி இவற்றுக்கும் செலவழி என்று எழுதினேன்.

சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் சிக்கல் இரட்டிப்பு. மேல்மண் கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறைந்து தூணைத் தூக்கப் பார்க்கும். அதற்குக் கீழே ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம். தூண்களை அந்த உறைநிலத்துக்குள் ஆழமாக இறக்குகிறார்கள். அங்கே உறைந்து ஒட்டிக்கொள்ளும் பிடி, மேலே தூக்கும் விசையை வெல்ல வேண்டும். வீட்டின் சூடு கீழே இறங்கினால் அந்தப் பிடியே போய்விடும். அதனால் கட்டடத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் குளிர்காற்று புகுந்து போகும்படி விடுகிறார்கள். அந்தச் சந்தைப் பலகை வைத்து அடைத்தாலோ, வெந்நீர்க் குழாய் கசிவதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலோ சுவர் வெடிக்கத் தொடங்கிவிடும்.

என் மாணவனிடம் கேட்டிருக்கிறேன்: கூரைத் தண்ணீர் அந்தத் தூணின் பக்கம்தான் விழுகிறதா என்று பார்த்துச் சொல்லப்பா. பதில் இன்னும் வரவில்லை.