ஸ்லைடில் ஒளிந்திருப்பவர்கள்

மாற்றத் திட்டத்தின் ஸ்லைடுகளைப் படித்து, யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு என்ன கவலை என்று அட்டவணை போடச் சொன்னால், பலரும் ‘சம்பந்தப்பட்டவர்கள்’ என்ற ஒரு ஸ்லைடை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறார்கள். ஒரு மருத்துவமனை காகித கேஸ் ஷீட்டை விட்டுக் கணினிக்கு மாறுகிறது என்று வையுங்கள். அந்த ஸ்லைடில் ‘ஊழியர்கள்’ என்று ஒரே சொல்தான் இருக்கும். பயிற்சி ஸ்லைடுக்குப் போங்கள்: வகுப்பு பிற்பகல் 2 முதல் 4 வரை. இரவுப் பணி முடித்துத் தூங்கும் நர்ஸ் அங்கேதான் தனி வரிசையாகப் பிரிகிறார். அவருக்கு வேண்டியது, டூட்டி மாறும்போது மருந்து விவரம் தெளிவாகக் கைக்கு வருவது. கவலை, முதல் சில வாரங்கள் காகிதத்திலும் கணினியிலும் இரண்டு முறை எழுதுவது. அது கால அட்டவணை ஸ்லைடின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும். ‘ரெக்கார்டு அறை காலி செய்யப்படும்’ என்ற வரியில் அந்த அறையின் எழுத்தர் இருக்கிறார். செய்பவர் பெயரே இல்லாத இப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான் நான் முதலில் தேடுவேன். அட்டவணைக்கு யார், வேண்டியது, கவலை, ஸ்லைடு எண் என நான்கு கட்டங்கள் போதும். எண் போட முடியாத கவலை நம் ஊகம். அங்கே ‘நேரில் கேட்க வேண்டும்’ என்றே எழுதுங்கள். ‘நேரம் மிச்சமாகும்’ என்று நிர்வாகம் சொல்வதை நர்ஸின் விருப்பமாக எழுதுவது அநியாயம். அது நிர்வாகத்தின் வரிசைக்கே போகட்டும்.