விடுதிக் காப்பாளருக்கு எழுதப்படுவது கருணை மனுவா?

காணிப்பாக்கத்தை அடுத்த ஒரு கல்லூரி விடுதியில் மாணவர் ஒருவர் காப்பாளருக்கு எழுதிய புகார்க் கடிதம் அண்மையில் என் பார்வைக்கு வந்தது. அதன் சாரம் இரண்டே வரிகள்: மெஸ் உணவு தரமாக இல்லை, சாப்பாட்டுக்கூடம் சுத்தமாக இல்லை, தயைகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். காப்பாளரின் பதிலோ ஒரே வரி: விடுதியில் வீட்டுச் சாப்பாட்டை எதிர்பார்க்கலாமா?

இந்தப் பதில் அநீதியானது. ஆனால் இத்தகைய பதிலுக்கு இடம் கொடுப்பது, பள்ளிக் காலத்தில் நாம் மனப்பாடம் செய்த விண்ணப்ப நடைதான். ‘தரமில்லை’ என்ற சொல்லைச் சுவை பற்றிய முணுமுணுப்பாகத் திரித்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. ‘வேண்டுகிறேன்’ என்ற சொல், கடமையைச் சலுகையாக்கிவிடுகிறது.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், இலாப நோக்கு உண்டோ இல்லையோ, உணவு சமைத்து வழங்கும் அமைப்பை உணவுத் தொழிலாகவே கருதுகிறது. விடுதி மெஸ்ஸும் அதில் அடங்கும். அது உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரிப்பதற்கு அச்சட்டத்தின் 56ஆம் பிரிவு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. எனவே புகார் சுவையைப் பற்றியது என்று கூறித் தப்பிக்க முடியாதபடி கடிதம் அமைய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பகல் 11 மணிக்கு வடித்த சோறு மீந்து, அண்டாவிலேயே கிடந்து, இரவு 8 மணிக்கு எலுமிச்சைச் சாதமாகப் பரிமாறப்படுகிறது. ‘இரவுச் சாப்பாடு மோசம்’ என்று எழுதினால் அது ஒரு கருத்து மட்டுமே. உண்மையில் நடந்தது வேறு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். தாளிப்பின் மணம் எதையும் காட்டிக்கொடுக்காது. சூடான உணவை 60 பாகைக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இதன் பொருட்டே உள்ளது.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதுக: ‘இன்ன தேதியில் பகல் 11 மணிக்கு வடித்த சோறு, குளிர்விக்கப்படாமல் இரவு 8 மணிக்குப் பரிமாறப்பட்டது. அதை உண்டவர்களுள் இத்தனை பேருக்கு நள்ளிரவுக்குள் வாந்தி ஏற்பட்டது.’ சாப்பாட்டுக்கூடத்துக்கும் இதே முறைதான். ‘அசுத்தம்’ என்று எழுதாமல், கைகழுவும் குழாயில் எத்தனை நாள்களாகத் தண்ணீர் வரவில்லை, மேசை துடைக்கும் துணியாலேயே தட்டும் துடைக்கப்படுகிறதா, சமையலறைச் சாக்கடை எங்கே தேங்குகிறது என்று எழுதுக. இவற்றுக்கு வீட்டுச் சாப்பாட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது.

கடிதத்துக்கும் எல்லை உண்டு. மறுநாள் அந்தச் சோறு குப்பைக்குப் போயிருக்கும். சோதிக்க எதுவும் மிஞ்சாது. ஆதலால் ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு மாதிரியை மூடிய பாத்திரத்தில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். கடிதத்தின் நகல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் போகட்டும், ஒப்புகை பெறுங்கள். அகமதிப்பெண்ணை எண்ணி அஞ்சுவது இயல்பு. அதனால்தான் தனியொருவர் பெயரில் அனுப்பாமல், அனைவரும் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்.

உரிய காலத்தில் கேட்கப்படாத குறை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் சான்று. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்த பின்புதான் விடுதிகளின் நிலை உலகுக்குத் தெரிந்தது. ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. நெடுஞ்சாலை பேசியதை ஒரு குறைப்பதிவேடு முன்பே பேசியிருக்கலாம், அதைப் படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கேனும் இருந்திருந்தால்.

பேராசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆய்வேட்டில் தரவின்றி ஒரு வாக்கியத்தையும் ஏற்காத நீங்கள், தேதியும் நேரமும் எண்ணிக்கையும் தாங்கிவரும் மாணவர் கடிதத்தை மட்டும் ஏன் ஒழுங்கீனம் என்கிறீர்கள்?