முதல் நாளை மட்டும் காட்டினால் போதாது

சொட்டு நீர்ப்பாசனம் பற்றிய பயிற்சி வீடியோப் படங்கள் பலவும் ஒரே மாதிரியாகவே அமைகின்றன. நீர்த்தாங்கி உயரத்தில் வைக்கப்படுகிறது. பிரதான குழாய் நீட்டப்படுகிறது. அதிலே கிளைக்குழாய்கள் பொருத்தப்படுகின்றன. வால்வைத் திறந்ததும் கன்றின் அடியில் துளி துளியாக நீர் விழுவதைக் கமெரா மிக அருகிலே போய்க் காட்டுகிறது. பின்னணிக் குரல் நன்மைகளைச் சொல்லி முடிக்கிறது. பார்ப்பதற்கு நல்ல காட்சிதான். ஆனால் புதிய குழாய் எல்லாமே முதல் நாளில் சொட்டும். மூன்றாம் மாதத்திலும் அது சொட்டுகிறதா என்பதே கமக்காரனின் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத படம் பயிற்சிப் படமாகாது என்பது எமது கருத்து.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. பிறர் காணியில் ஒரு பரப்போ அரைப் பரப்போ குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்களும், பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பித் தூர்ந்த கிணற்றை இறைத்துத் தொடங்குபவர்களும் எம்மிடையே உள்ளனர். கடனாகவோ உதவியாகவோ கிடைத்த குழாய்த் தொகுதி அடைபட்டுப் போனால், இன்னொன்று வாங்க அவர்களிடம் பணமிராது. குழாய் உடுப்புக் காயப்போடும் கொடியாகிவிடும்.

படம் எப்படி அமைய வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறோம். 200 லீற்றர் பரல் ஒன்றை 2 அடி உயரக் கல் அடுக்கின் மேல் வைத்திருக்கிறோம். அதிலிருந்து 10 மீற்றர் நீளமான 5 கிளைக்குழாய்கள் போகின்றன. ஒவ்வொன்றிலும் 2 அடிக்கு ஒன்றாக 16 மிளகாய்க் கன்றுகள். மொத்தம் 80 கன்றுகள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு டிரிப்பர், அதாவது நீர் சொட்டும் சிறு முனை. ஒரு பரல் நீர் முழுவதும் போனால் கன்றுக்கு இரண்டரை லீற்றர் கிடைக்கும்.

டிரிப்பர் பெட்டியில் 'மணிக்கு 4 லீற்றர்' என்று எழுதியிருக்கும். அது 10 மீற்றர் உயரத்திலிருந்து வரும் நீரின் அமுக்கத்துக்குரிய கணக்கு. எமது பரலின் நீர்மட்டமோ சராசரியாக ஒரு மீற்றர் உயரத்திலேயே நிற்கிறது. அந்த அமுக்கத்தில் அதே டிரிப்பர் மணிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லீற்றரே தரும். ஆகவே பரல் வெறுமையாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். இதைச் சொல்லாமல், மின் பம்பினால் ஓடும் பெரிய தோட்டத்தைக் காட்டி "ஒரு மணித்தியாலம் போதும்" என்று பின்னணிக் குரல் சொன்னால், பரல் வைத்திருப்பவரின் பயிர் பாதித் தண்ணீரோடு வாடும். படம் பிடிக்கும் தோட்டம் பார்ப்பவரின் தோட்டத்தைப் போன்றதாக இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

பொருத்தும் வேலையிலே மிக அருகில் காட்டவேண்டிய இடம் ஒன்றுண்டு. குழாயிலே துளையிடும்போது பிளாஸ்ரிக் துகள்கள் உள்ளே விழுகின்றன. கிளைக்குழாயின் கடைசி முனையை மடித்து மூடுமுன், அதைத் திறந்தபடியே விட்டு நீரை ஓடவிட வேண்டும். முனையில் வரும் நீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் ஏந்தி, துகள் இல்லை என்று கண்ட பின்னரே மூட வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையை விட்டுவிட்டால் முதல் வாரத்திலேயே சில டிரிப்பர்கள் அடைபடும்.

அடுத்தது வடி. பரலுக்கும் பிரதான குழாய்க்கும் இடையில் இருக்கும் இந்தச் சிறிய வலையைப் படங்கள் ஒரு நொடியில் கடந்து போகின்றன. உண்மையில் தொகுதியின் உயிர் இதிலேதான் இருக்கிறது. வடியில் ஊத்தை சேரும்போது நீர் மெதுவாகும். அவசரத்தில் வலையைக் கழற்றி எறிந்தால் அன்று நீர் நன்றாக ஓடும். ஆனால் மணலும் பாசியும் நேரே டிரிப்பருக்குள் போய்ச் சேரும். எனவே வடியைக் கழற்றுவது, மென்மையான தூரிகையால் கழுவுவது, வலையிலே கிழிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, திரும்பப் பூட்டுவது ஆகிய நான்கையும் கைகள் தெளிவாகத் தெரியும்படி, அவசரமின்றிக் காட்ட வேண்டும். அவ்வேளையில் பின்னணிக் குரல் பேசாமல் இருப்பதே நல்லது. கண் கையைப் பின்தொடரும்போது காதுக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, அளந்து பார்ப்பது. சொட்டுகிறது என்று கண்ணால் காண்பது போதாது. முதல், நடு, கடைசிக் குழாய்களில், ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, முடிவு என ஒன்பது இடங்களில் மண்ணைச் சிறிது தோண்டி டிரிப்பரின் கீழ் ஒரு கோப்பையை வையுங்கள். பரலில் அரைவாசி நீர் இருக்கும்போது 6 நிமிடம் விட்டு, பால் போத்தலின் அளவுக்கோட்டில் ஊற்றிப் பாருங்கள். எமது உதாரணத்தில் ஏறக்குறைய 125 மில்லிலீற்றர் வரவேண்டும். ஒன்பதிலும் ஒரேயளவாகக் குறைந்து 70, 80 என்று வந்தால் குற்றம் வடியிலோ வால்விலோ இருக்கிறது. ஒரு குழாயில் மாத்திரம் 120, 90, 60 என்று முடிவை நோக்கிக் குறைந்தால், அதன் கடைசியில் சேறு தங்கியிருக்கலாம். முனையைத் திறந்து கழுவிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கழுவியும் மாறாவிட்டால் நிலம் அந்தப் பக்கம் உயர்கிறதா, குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அந்த டிரிப்பர்களே அடைபட்டிருக்கின்றன. படத்துக்காக ஒரு டிரிப்பரையும் ஒரு வடியையும் வேண்டுமென்றே அடைத்து, இந்த அளவுகள் மாறுவதைக் காட்டினால் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எமது கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறும் நீரைத் தருகின்றன. கேத்திலின் அடியிலே படியும் அதே வெள்ளைப் படை டிரிப்பரின் வாயிலும் படியும். வடியினால் இதைத் தடுக்க முடியாது, ஏனெனில் சுண்ணாம்பு நீரிலே கரைந்தே வருகிறது. கழற்றக்கூடிய டிரிப்பராயின் இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவைத்துக் கழுவலாம். குழாயின் உள்ளேயே பதிக்கப்பட்ட வகையை அப்படிக் கழற்ற முடியாது. ஆகவே இங்கே சிறு தோட்டத்துக்குக் கழற்றிப் பூட்டும் வகையே ஏற்றது. குத்தகைக் காணியை விட்டுப் போகும்போது சுருட்டி எடுத்துச் செல்லவும், பழுதான ஒன்றை மாத்திரம் மாற்றவும் அதுவே வசதி. வேறு மண்ணில், வேறு நீரில் எடுக்கப்பட்ட படத்தில் இந்த விடயம் வராது.

இருபது நிமிடப் படத்தில் ஐந்து நிமிடம் பொருத்துவதற்குப் போதும். மிகுதி நேரம் வடிக்கும், குழாய்முனைக்கும், கோப்பைக்கும் உரியது. அதே தோட்டத்துக்கு மூன்று மாதம் கழித்துக் கமெராவுடன் திரும்பிப் போய், அதே ஒன்பது இடங்களிலும் அளந்து காட்டவேண்டும்.

உங்கள் கிராமத்தில் இவ்வாறான படம் காட்டப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் தோட்டத்துக்கு நீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது? வடியை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவினார்கள்? கடைசிக் கன்றுக்கு 6 நிமிடத்தில் எவ்வளவு நீர் விழுந்தது? பதில் படத்தில் இல்லையென்றால், படம் காட்ட வந்தவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, கோப்பையை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.